இரண்டு மைனஸ் சேர்ந்தால் எப்போதும் பிளஸ் ஆகுமா?

"இரண்டு மைனஸ் சேர்ந்தால் எப்போதும் பிளஸ்தான். அதனால் -500 + -300 = +800. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்."

இப்படி ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. சரியான விடை -800. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மளிகைக் கடையில் 500 ரூபாய் பற்று, பால்காரரிடம் 300 ரூபாய் பாக்கி என்றால், நாம் தர வேண்டியது 800. கடனோடு கடனைக் கூட்டினால் கடன்தான் வளரும், சேமிப்பு வராது.

'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்பது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி. அதைக் கூட்டலில் போட்டதுதான் குழப்பம். பெருக்கலில் மட்டும் ஏன் அப்படி? கையில் 1000 ரூபாய் இருக்கிறது, கடை நோட்டில் 200, 200, 200 என்று மூன்று பற்று. கணக்குப் பார்த்தால் நம்முடையது 400தான். கடைக்காரர் அண்ணாச்சி, "இது தப்பா ஏறிட்டு" என்று மூன்றையும் அடித்துவிடுகிறார். இப்போது முழுசாக 1000 நம்முடையது, அதாவது 600 கூடுதல். கடன் -200, மூன்று முறை நீக்குவது -3. ஆகவே (-3) × (-200) = +600. இங்கே -3 பணம் இல்லை, எத்தனை முறை நீக்கினோம் என்பது. கடனைக் கடனால் பெருக்குவதாக நினைத்தால் ஒன்றும் புரியாது.

கி.பி. 628-லேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இவ்விதிகளைக் கடன், செல்வம் என்றே எழுதினார். தமிழ்நாடு ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முழுக்கள் பகுதியைப் பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.