விகிதம் ஏறினால் துணிச்சல் என்று அர்த்தமா?

"SPY/TLT கோடு ஏறினால் பணம் பங்குகளுக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

எல்லா நேரமும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. SPY என்பது அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளை வைத்திருக்கும் ஃபண்ட், TLT என்பது 20 ஆண்டுக்கு மேற்பட்ட அமெரிக்க அரசுப் பத்திரங்களை வைத்திருக்கும் ஃபண்ட். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் விகிதம்தான் இந்தக் கோடு. 2022-ஐப் பாருங்கள். வட்டி, ஈவுத்தொகை சேர்த்தே அந்த ஆண்டு SPY சுமார் 18% விழுந்தது, TLT சுமார் 31%. இரண்டையும் 100-ல் தொடங்கினால் முடிவில் 82, 69. வகுத்தால் 1.19. அதாவது இரண்டிலும் அடி விழுந்த ஆண்டில் விகிதம் 19% ஏறியிருக்கிறது! யாருக்கும் துணிச்சல் வந்துவிடவில்லை. அமெரிக்க மத்திய வங்கி வட்டியை மளமளவென்று உயர்த்தியதில், 20 ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரங்கள் பங்குகளைவிட மோசமாக அடி வாங்கின, அவ்வளவுதான்.

அதனால் விகிதத்துக்குக் கீழே இரண்டு கோடுகளையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பங்கு ஏறி விகிதமும் ஏறினால் சரி, ஆர்வம் இருக்கிறது எனலாம். விகிதம் ஏறும்போதே பங்கு இறங்கினால் அது வட்டி விகிதத்தின் வேலை. அப்புறம், TLT-க்குப் பதில் 7–10 ஆண்டுப் பத்திரங்கள் உள்ள IEF-ஐ வைத்தால் இந்தக் குழப்பம் குறையும், முழுதாகப் போகாது.