அந்த அக்கா கேட்ட கேள்விக்கு ஒரு புத்தகம்

ஞாயிற்றுக்கிழமை வாசகர் சந்திப்பில், மனிதர்களுக்குக் கணினி மார்க் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நடந்ததை வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். "அந்த மார்க்கை எதை வச்சுப் போடுறாங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார். "கணக்கு, கோடிங் தெரியாம இதுக்குள்ள வராதீங்கம்மா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

செயற்கை நுண்ணறிவின் அறத்தைப் பற்றிப் பொது வாசகருக்கு எழுதிய நல்ல புத்தகங்கள் எல்லாம் அவர் கேட்ட கேள்வியைத்தான் கேட்கின்றன. கணினி ஒரு மதிப்பெண் தருகிறதென்றால், அது எதை அளந்து தருகிறது? இதைக் கேட்க கோடிங் வேண்டாம்.

விர்ஜினியா யூபேங்க்ஸ் 2018இல் எழுதிய 'ஆட்டோமேட்டிங் இனிக்வாலிட்டி'யை எடுங்கள். முதல் அத்தியாயம் அமெரிக்க ஏழை விடுதிகளின் வரலாறு. அங்கே தொடங்கினால் பலர் பாதியில் வைத்துவிடுவார்கள். நான்காவது அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.

இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலெகெனி கவுண்டி, பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் பகுதி. ஒரு குழந்தையைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று யாராவது தொலைபேசியில் புகார் சொன்னால், வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பதா வேண்டாமா என்று குழந்தைகள் நலத்துறை ஊழியர் முடிவெடுக்க வேண்டும். 2016 முதல் அவருடைய திரையில் 1 முதல் 20 வரை ஓர் எண் வருகிறது. எண் ஏற ஏற ஆபத்து அதிகம் என்று அர்த்தம். மிக உயர்ந்த எண் வந்தால் விசாரணை கட்டாயம். மேலதிகாரி நினைத்தால்தான் நிறுத்தலாம்.

அந்த எண் எதை அளக்கிறது? குழந்தை துன்புறுகிறதா என்பதை நேராக அளக்க வழியில்லை. அதனால் அதற்குப் பதிலாக இரண்டு விஷயங்களைக் கணித்தார்கள். அதே குழந்தையைப் பற்றி மறுபடி புகார் வருமா, குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்க நேருமா. இங்கேதான் கோளாறு. பக்கத்து வீட்டுக்காரர் பகையில் இரண்டு முறை போன் செய்தாலும் அது 'மறுபடி வந்த புகார்'தான்.

தரவு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் முக்கியம். அரசு உதவித்தொகை, அரசு மனநல சிகிச்சை, போதை மீட்பு, சிறை என்று அரசிடம் போனவர்களின் பதிவுகள்தான் அதில் இருக்கின்றன. வசதியானவர் தனியார் மருத்துவரிடம் போவார், வீட்டில் ஆயா வைத்துக்கொள்வார். அதெல்லாம் பதிவிலேயே இல்லை. உதவி கேட்டு அரசிடம் போனதே ஒரு குடும்பத்தின் எண்ணை ஏற்றிவிடலாம். இதில் எந்த இடத்தில் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

"எண் ஆலோசனைதானே, முடிவு மனிதருடையது" என்பார்கள். தங்கள் மதிப்பீடு எண்ணோடு ஒத்துப்போகாதபோது, திரும்பப் போய்த் தங்கள் மதிப்பீட்டை மாற்றலாமா என்று ஊழியர்களே கேட்டதையும் அதே அத்தியாயத்தில் படிக்கலாம்.

"இதெல்லாம் ஏஐயே இல்லை" என்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். பாதி சரி. இரண்டாவது அத்தியாயத்தில் வரும் இண்டியானா மாநிலத்துக் கதை உதவித்தொகை விண்ணப்பங்களைக் கணினிக்கும் கால் சென்டருக்கும் மாற்றிய கதைதான். 100 கோடி டாலருக்கு மேலான ஒப்பந்தம். ஒரு தாள் குறைந்தாலும், அது அலுவலகத்தின் தவறாகவே இருந்தாலும், 'ஒத்துழைக்கத் தவறினார்' என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கற்கும் இயந்திரம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் உதவி நின்றுபோன வீட்டில் இருப்பவருக்கு அது ஏஐயா இல்லையா என்ற வித்தியாசத்தால் என்ன பயன்?

"அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?" என்பவர்களுக்கு: தெலங்கானாவில் பல துறைகளின் பதிவுகளை இணைத்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' என்ற அரசுக் கணினி அமைப்பு இருக்கிறது. கார் வைத்திருப்பதாகத் தவறாகக் காட்டியதால் ரேஷன் அட்டையை இழந்த ஏழைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் போய், கோடிங் படித்துவிட்டு வா என்பீர்களா?

சந்திப்பில் கொடுத்த புத்தகப் பட்டியலில் முதலில் இருந்தது நிக் பாஸ்ட்ரமின் 'சூப்பர்இன்டெலிஜென்ஸ்', 2014இல் வந்தது. மனிதரை மிஞ்சும் அறிவு வந்தால் அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று யோசிக்கும் புத்தகம். குறை சொல்லவில்லை. ஆனால் தத்துவப் பழக்கம் இல்லாதவருக்கு அது கரடுமுரடான வழி. அதை முதல் புத்தகமாகக் கையில் கொடுத்துவிட்டு, புரியவில்லை என்றால் வாசகர்மேல் பழி போடுவது நியாயமில்லை. யூபேங்க்ஸுக்குப் பிறகு கேத்தி ஓ'நீலின் 'வெப்பன்ஸ் ஆஃப் மேத் டிஸ்ட்ரக்‌ஷன்' (2016) படிக்கலாம். கடன், வேலை, காப்பீடு, போலீஸ் என்று வேகமாகத் தாவும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் எதற்குப் பதிலாக எதை அளந்தார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனால் தொலைந்துபோக மாட்டீர்கள்.

எல்லாம் பழசு, சாட்ஜிபிடி வருவதற்கு முன் எழுதியது என்பது உண்மை. இன்றைய அரட்டைக் கருவிகளைப் பற்றி இவற்றில் ஒன்றும் கிடைக்காது. அதற்கு வேறு புத்தகம் தேட வேண்டும். ஆனால் அந்த அக்கா அரட்டைக் கருவியைப் பற்றிக் கேட்கவில்லை. மார்க்கைப் பற்றிக் கேட்டார்.

அக்கா, நீங்கள் இதைப் படித்தால், அடுத்த சந்திப்புக்கும் வாருங்கள். நான்காவது அத்தியாயத்தைக் கொண்டு வருகிறேன், வரி வரியாகச் சேர்ந்து படிப்போம்.