கண் மஞ்சள் போகும்வரை காத்திருக்க வேண்டுமா?

“எங்கள் மெஸ் மாஸ்டருக்குக் காமாலை வந்து பத்து நாளாச்சு. கண்ணில் இன்னும் லேசா மஞ்சள் இருக்கு. வேலைக்குச் சேர்த்துக்கலாமா?”

காமாலைக்குக் காரணம் ஹெபடைடிஸ் ஏ கிருமிதான் என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகி, ஆளும் தெம்பாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு, மஞ்சள் தெரிந்த நாளிலிருந்து 7 நாள். நிறம் முழுதாகப் போக வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் மலத்தில் கிருமி வெகுவாகக் குறைந்துவிடும்.

சிக்கல் முன்னாடிதான். கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே தொற்று பரவும். நான் கேண்டீன் நடத்தியபோது சட்னி அரைக்கிற அண்ணன் 3-ஆம் தேதியிலிருந்தே ‘பசியில்லை, குமட்டுது’ என்றார். பித்தம் என்று விட்டுவிட்டோம். 8-ஆம் தேதி கண் மஞ்சள். அதுவரை தேங்காய்ச் சட்னி அவர் கைதான், அதைக் கொதிக்கவும் வைப்பதில்லையே! 15-க்குப் பிறகுதான் சேர்த்தோம். கூட வேலை செய்தவர்களை உடனே டாக்டரிடம் அனுப்பினோம், தொற்றுக்கு ஆளான 2 வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால்தான் பலன்.

வயிற்றுப்போக்குக்கு வேறு கணக்கு. கடைசியாகப் போனது செவ்வாய் இரவு 9 மணி என்றால், வியாழன் இரவு 9 வரை சமையற்கட்டுப் பக்கமே வரக்கூடாது. மாத்திரை போட்டு அடக்கிவிட்டு ‘நின்னுடுச்சு’ என்பார்கள், அது சேராது. மாத்திரை இல்லாமல் 48 மணி நேரம் போகணும். ரத்தம் கலந்து போனாலோ, டைபாய்டு என்றாலோ, மலப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்ன பிறகே வரணும்.

அப்புறம், லீவு நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்தால் எவனும் வயிற்றுப்போக்கு என்று வாய் திறக்க மாட்டான்.