வாளிகளோடு நின்றவர்களுக்கு ஓராண்டுச் சிறையா?

நான்கு நாட்களாகக் குழாயில் தண்ணீர் வராததால் சென்ற வாரம் நாற்பது பெண்கள் வாளிகளோடு தண்ணீர் அலுவலக வாசலை அடைத்து உட்கார்ந்ததை நீங்கள் எல்லோரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள், ஆகவே அதை மறுபடி விவரிக்கவில்லை. எனக்கு ஆத்திரமூட்டியது அன்றிரவு நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் எழுதிய வரி: "அனுமதி வாங்காமல் கூடுவது குற்றம், கூட்டியவர்களை உள்ளே போட்டால்தான் பொது ஒழுங்கு நிலைக்கும்." அதன் கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். கைதட்டியவர்களில் பாதிப்பேர் வீட்டில் அந்த நான்கு நாட்களும் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் சொல்வது சட்டமே அன்று. நம் தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டுக் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 15 பேருக்கு மேல் பொது இடத்தில் கூடினால் முன்னறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது, அனுமதி கேட்கச் சொல்லவில்லை. சாதாரணமாக ஏழு நாட்களுக்கு முன்பும், அது இயலாதபோது இயன்ற அளவு விரைவாகவும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போக்குவரத்து கடுமையாகக் குலையும், ஆட்கள் காயப்படுவார்கள், அல்லது சொத்துக்குப் பெருஞ்சேதம் வரும், அதைப் போலீசாலும் கட்டுப்படுத்த முடியாது என்று சத்தியப் பிரமாணத்தோடு நம்பத்தக்க தகவல் இருந்தாலோ, அறிவிப்பு 48 மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தில் வந்தாலோ மட்டுமே அதிகாரி தடை விதிக்கலாம். அறிவிக்காமல் கூட்டியவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 12(1)(அ) பிரிவு சொன்னது உண்மைதான். அந்தப் பிரிவை அரசியல் சாசன நீதிமன்றம் 2018 நவம்பரில் செல்லாது என்று அறிவித்துவிட்டது. அந்த வழக்கைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் குழுவில் யாரும் அதைக் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை.

2013 செப்டம்பரில் கேப் டவுனில், கயலிட்ஷா மக்களின் கழிப்பிட வசதிக்காகப் போராடிய ஓர் அமைப்பினர் மாநகராட்சிக் கட்டடத்தின் எதிரே சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு பாட்டுப் பாடி நின்றார்கள். 15 பேர் வரை அறிவிப்பு வேண்டாம் என்பதால் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கத்தான் திட்டமிட்டிருந்தார்கள், ஆனால் மேலும் சிலர் வந்து சேர்ந்ததால் எண்ணிக்கை 15ஐத் தாண்டிவிட்டது. யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் 21 பேர் மீது வழக்குப் போட்டு, அவர்களில் பத்துப் பேரை அறிவிப்பின்றிக் கூட்டம் கூட்டியவர்கள் என்று குற்றவாளிகளாகத் தீர்த்தார்கள். முலுங்வானா வழக்கு என்று அறியப்படுவது இதுதான்.

பேச்சுரிமையும் அமைதியாகக் கூடும் உரிமையும் நம் சாசனத்தின் 16, 17ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு எல்லையே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. எந்த உரிமையையும் சட்டத்தால் குறைக்கலாம் என்று 36ஆம் பிரிவே ஒத்துக்கொள்கிறது, ஆனால் சில கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுக் குறைக்கச் சொல்கிறது: உரிமை எவ்வளவு முக்கியமானது, நோக்கம் எவ்வளவு முக்கியமானது, எந்த அளவுக்குக் குறைக்கிறாய், அந்தக் குறைப்பு உண்மையில் நோக்கத்தை நிறைவேற்றுகிறதா, இதைவிடக் குறைவாகக் காயப்படுத்தும் வழி இல்லையா. நம் பெரியவர் இரண்டாம் கேள்விக்கு விடை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார். பொது ஒழுங்கு நல்ல நோக்கம்தான். நோக்கம் நல்லது என்பது மட்டுமே விடையாகாது.

முலுங்வானா வழக்கில் நீதிமன்றமும் அங்கே நிற்கவில்லை. போலீஸ் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும் என்ற அரசின் நோக்கத்தை அது தள்ளிவிடவில்லை. ஆனால் அறிவிப்புக் கொடுக்காத ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்கினால், அமைதியாகக் கூடியவருக்கும் கலவரம் செய்தவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது, சிறுவர்கள்கூட அதில் மாட்டுவார்கள், அடுத்த முறை வாய் திறக்க நினைப்பவர் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார் என்பதை எடைபோட்டுப் பார்த்தது. குற்றப் பதிவு இல்லாத நிர்வாக அபராதம் போன்ற மென்மையான வழிகள் இருந்தும் அரசு நேராகச் சிறையைக் கையில் எடுத்தது என்பதும் தராசில் ஏறியது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம் பாட்டிமார் சொல்வதைத்தான் நீதிபதிகள் வேறு நடையில் சொன்னார்கள்.

இப்போது நம் தெருவுக்கு வாருங்கள். நாற்பது பெண்கள் வாளிகளோடு ஒரு மணி நேரம் ஒரு வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்துச் சாலையில் ஒரு பாதி நெருக்கடி. அந்த நெருக்கடிக்கு ஒரு போக்குவரத்துக் காவலர் போதாதா? நான்கு நாட்களாக நின்றுபோன தண்ணீருக்கு ஏழு நாட்களுக்கு முன்னால் எப்படி அறிவிப்புக் கொடுப்பது? சோதிடரைக் கேட்டா? முதல் நாளே ஒரு கடிதமாவது கொடுத்திருக்கலாம் என்பீர்கள், கொடுத்திருக்கலாம்தான், ஆனால் அதற்குச் சிறையா?

"போராடுகிறவர்களுக்கே நீதிமன்றம் எப்போதும் சாதகம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு 2012ஆம் ஆண்டின் கார்வாஸ் வழக்கைச் சொல்கிறேன். 2006இல் கேப் டவுனில் ஒரு தொழிற்சங்கத்தின் ஊர்வலத்தில் வண்டிகளும் கடைகளும் சேதமடைந்தன. கூட்டியவர்களே நட்டத்துக்குப் பொறுப்பு, சேதம் வரும் என்று முன்கூட்டி எண்ண வழியில்லை என்றும் தடுக்க உரிய நடவடிக்கை எடுத்தோம் என்றும் காட்டினால்தான் தப்பலாம் என்ற 11ஆம் பிரிவை இதே நீதிமன்றம், இதே கேள்விகளைக் கேட்டு, சரி என்றே தீர்த்தது. காரணம், அங்கே உண்மையான சேதம் இருந்தது, கேட்டது பணம், சிறையன்று.

"2021 ஜூலைக் கலவரத்தை மறந்துவிட்டாயா?" என்பார்கள் என்று தெரியும். மறக்கவில்லை. 350க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நாட்களில் நானும் தெருமுனையில் இரவு முழுவதும் விழித்திருந்தவன், அந்தப் பயத்தை எனக்கு யாரும் கற்பிக்க வேண்டாம். ஆனால் கடைகளைக் கொள்ளையிட்டுத் தீ வைத்தவர்கள் அறிவிப்புப் படிவத்தை நிரப்ப மறந்ததா அன்றைய சிக்கல்? பொது வன்முறையும் தீவைப்பும் திருட்டும் அன்றும் குற்றங்கள், இன்றும் குற்றங்கள். அந்தத் தீயைக் காட்டி இந்த வாளிகளைப் பிடிப்பது, நான்காம் கேள்வியான நோக்கத்துக்கும் குறைப்புக்கும் உள்ள தொடர்பை ஒரேயடியாக விழுங்கிவிடுவது. ஆம்புலன்ஸ் மறிக்கப்பட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்கள். மறித்தால் போலீஸ் கலைக்கலாம், கலைக்க வேண்டும், அதில் எனக்கு வாதமே இல்லை.

உண்மையைச் சொன்னால், சட்டத்தைத் தவறாகச் சொன்னது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. 1946இல், இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பிட்ட சட்டத்தை எதிர்த்து டர்பனில் அம்பிலோ சாலைமுனையில் கூடாரமிட்டு நின்று சிறைக்குப் போனவர்களில் என் ஆயாவும் ஒருத்தி. அன்றும் வெள்ளை அரசு சொன்ன சொல் ஒழுங்கு என்பதுதான். அவள் படத்துக்கு ஆண்டுவிழாவில் மாலை போடுவது யார் தெரியுமா? இதே ஐயாதான், அதுவும் கண்கலங்க. இறந்தவள் சட்டத்தை மீறினால் தியாகி, உயிரோடிருக்கிறவள் தண்ணீர் கேட்டால் ரௌடி. போன வாரம் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி அவருடைய சொந்த அண்ணன் பேத்தி என்பதை அவர் காணொளியில் கவனித்தாரோ என்னவோ.

கூட்டியவர்கள் என்று போலீஸ் பெயர் எழுதிக்கொண்ட இரண்டு பெண்களில் ஒருத்தி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். குற்றப் பதிவு இல்லை என்ற சான்று இல்லாமல் அவளுக்கு அங்கே வேலை கிடையாது. வியாழக்கிழமை அவர்களோடு நானும் நிலையத்துக்குப் போகிறேன், முலுங்வானா தீர்ப்பின் படியையும் எடுத்துப் போகிறேன். கைதட்டியவர்களில் யாராவது வருவதானால் காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்போம். மொத்தம் 15 பேருக்குள்தான் இருப்போம், ஐயா பயப்பட வேண்டாம்.