குறை இருந்தால் ஒரே தடவையில் சொல்லுங்கள்

என் பில்லின் மேல் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தது: "ஓடருக்கு முந்தின திகதி." ஒரு அரசாங்கத் திணைக்களத்துக்குப் பில் கொடுத்து 31 நாள் கழித்து, நானாகப் போய்க் கேட்ட பிறகுதான் அந்த மூன்று சொல்லைக் காட்டினார்கள். ஒரு போன் எடுத்திருக்கலாம். பில்லின் அடியில் என் நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் ஒரு அச்சகம் நடத்துபவன், என் நம்பர் எல்லா இடத்திலும் பளிச்சென்று தெரியும்படிதான் அடிப்பேன்.

திருகோணமலையில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். இங்கே மாகாணத் தலைமையகம், கச்சேரி, திணைக்களங்கள் என்று கந்தோர்களுக்குக் குறைவில்லை. அச்சகக்காரன் ஒருவன் அரசாங்க வேலை வேண்டாம் என்று சொல்லிப் பிழைக்க முடியாத ஊர் இது. அப்படி ஒரு திணைக்களத்தில்தான் போன ஒக்டோபர் மாதம் சிக்கினேன்.

ஒக்டோபர் 3ஆம் திகதி போன் வந்தது. "தம்பி, 21ஆம் திகதி பயிற்சி தொடங்குது. 600 கைந்நூல், மூன்று பேனர். உங்கட கொட்டேஷன்தான் குறைவு, உங்களுக்குத்தான் ஓடர். பேப்பர் பிறகு வரும், நீங்கள் வேலையைத் தொடங்குங்கோ." நான் தொடங்கினேன். கைந்நூல் ஒன்று 285 ரூபா, பேனர் ஒன்று 4,500 ரூபா. மொத்தம் 184,500 ரூபா. கொழும்பிலிருந்து கடதாசியைக் கடனுக்கு எடுத்து, 45 நாள் தள்ளித் திகதி போட்டுச் செக் கொடுத்தேன். இரண்டு இரவு மெஷின் நிற்கவில்லை. 18ஆம் திகதி காலையில் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினேன். டெலிவரி நோட்டில் அவர்களுடைய உத்தியோகத்தர் எண்ணிப் பார்த்துத் திகதியோடு கையெழுத்து வைத்தார். பில்லையும் அன்றைக்கே கொடுத்தேன். பயிற்சி நன்றாக நடந்ததாம், படம்கூட அனுப்பினார்கள்.

எழுத்தில் ஓடர் எனக்குக் கிடைத்தது ஒக்டோபர் 29ஆம் திகதி. அதில் போட்டிருந்த திகதியும் 29தான். பதினொரு நாளுக்கு முதலே பொருளை வாங்கி, பயிற்சியை முடித்து, புத்தகத்தை ஆட்களுக்குக் கொடுத்தும் ஆயிற்று. அதற்குப் பிறகு "இவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு கடிதம்!

அரசாங்கக் காசு எப்படி வெளியே வருகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பில்லை மட்டும் பார்த்து யாரும் காசு தரமாட்டார்கள். அதை அடிப்படையாக வைத்து அவர்கள் ‘பொது 35’ என்ற வவுச்சர் ஒன்று எழுத வேண்டும். அந்த வவுச்சரோடு கொட்டேஷன்கள், கொள்வனவுக்கான அனுமதி, ஓடர், டெலிவரி நோட், பொருள் பெற்ற குறிப்பு, பில், என் வியாபாரப் பதிவின் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் கோத்திருக்க வேண்டும். நிதிப் பிரமாணத்தில் 137, 138, 139 என்று மூன்று பிரமாணங்கள் இருக்கின்றன. ஒருவர் அங்கீகரிக்க வேண்டும், ஒருவர் அத்தாட்சிப்படுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் கொடுப்பனவு. அத்தாட்சிப்படுத்துகிறவர் தன் கையெழுத்துக்குத் தானே பொறுப்பு. பொருள் வந்ததா, விலை சரியா, அனுமதி இருந்ததா என்று நாளைக்குக் கணக்காய்வில் அவரைத்தான் கேட்பார்கள். அதனால் கணக்குக் கிளையில் இருப்பவர்கள் திகதியைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஓடருக்கு முந்தின பில் வந்தால் அவர்கள் நிறுத்தத்தான் வேண்டும்.

என் கோபம் போனில் ஓடர் சொன்னவர்மேல். பேப்பர் பிறகு வரும் என்று சொல்லும்போதே, அந்தப் பேப்பரின் திகதி என் பில்லின் கழுத்தை நெரிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் இருபது வருடம் கந்தோரில் இருக்கிறவர்.

பென்சில் குறிப்பைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "பில்லை 30ஆம் திகதி போட்டு வேறொன்று தாங்கோ, டெலிவரி நோட்டையும் அப்படியே மாத்தித் தாங்கோ" என்றார்கள். பில்லை மாற்றலாம். பழையதை இரத்து என்று எழுதித் திருப்பி எடுத்து, புது இலக்கத்தில் வேறொரு பில் தருவதில் பொய் ஒன்றும் இல்லை. பொருளைக் கொடுத்த பிறகு எந்த நாளிலும் பில் எழுதலாம். டெலிவரி நோட் அப்படி இல்லை. 18ஆம் திகதி இறக்கிய பொருளை 30ஆம் திகதி இறக்கினேன் என்று நான் எப்படி எழுதுவேன்? 21ஆம் திகதி நடந்த பயிற்சியில் அந்தப் புத்தகத்தோடு ஆட்கள் நிற்கிற படம் இருக்கிறதே! நாளைக்குக் கணக்காய்வு பிடித்தால் கள்ளப் பேப்பர் கொடுத்தவன் நான் என்றுதான் முடியும். மாட்டேன் என்றேன். அப்புறம்தான் அங்கே அனுபவமுள்ள ஓர் அம்மா சரியான வழியைச் சொன்னார். அவசரம் காரணமாக முன்கூட்டி வாங்கப்பட்டது என்று காரணம் எழுதி, திணைக்களத் தலைவரிடம் பின்னங்கீகாரம் எடுக்க வேண்டும். கவரிங் அப்ரூவல் என்பார்கள். அது அவர்கள் கந்தோருக்குள்ளே நடக்க வேண்டிய வேலை, என்னால் ஆகக்கூடியது எதுவும் அதில் இல்லை. அந்த ஒரு பக்கக் கடிதத்துக்கு மூன்று கிழமை எடுத்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். டிசம்பர் இரண்டாவது கிழமை போனபோது அடுத்த குறை. பொருள் பெற்ற குறிப்பு இல்லையாம். பில்லின் பின்பக்கத்தில் "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்று எழுதி, இருப்புப் பதிவேட்டில் பதிந்த பக்க இலக்கத்தைப் போட்டு, களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்து வைக்க வேண்டும். 600 புத்தகமும் நேரே பயிற்சி மண்டபத்துக்குப் போனதால் களஞ்சியத்தில் யாரும் பதியவே இல்லை. பதிய வேண்டியவர் லீவில். அவர் வந்து, வரவையும் வழங்கலையும் பதிந்து, அந்தப் பக்க இலக்கத்தை என் பில்லில் எழுதும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்த நான்கு நிமிட வேலைக்காக என் பில் பத்து நாள் ஒரு பைலுக்குள் கிடந்தது!

இதற்கிடையில் வற் பதிவு இல்லை என்று ஒரு கடிதம் கேட்டார்கள், அன்றைக்கே கொடுத்தேன். வங்கிப் புத்தகப் பிரதியை இரண்டாம் தடவை கேட்டார்கள், முதல் கொடுத்தது எங்கே என்று தெரியவில்லையாம். அதையும் கொடுத்தேன்.

இந்த நான்கு குறையும் முதல் நாளே அந்தக் கட்டுக்குள் இருந்தவைதான். ஒக்டோபர் மாதமே யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கட்டை முழுவதாகப் பார்த்திருந்தால் நான்கையும் ஒரே துண்டில் எழுதித் தந்திருக்கலாம். ஒரு குறை கண்டதும் கட்டை மூடி மற்றப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அதைத் தீர்த்துக்கொண்டு போனால் கட்டு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகிறது. எனக்குத் தாமதத்தைவிட இதுதான் வயிறு எரிகிறது.

எல்லாம் சரியாகி வவுச்சர் கணக்குக் கிளைக்குப் போனபோது டிசம்பர் கடைசிக் கிழமை. "இந்த வருடத்துக்கு வவுச்சர் எடுக்கிற திகதி முடிஞ்சுது. கட்டுநிதியும் வரவில்லை" என்றார்கள். ஒதுக்கீடு இருப்பது வேறு, கையில் காசு இருப்பது வேறு. திறைசேரியிலிருந்து கட்டுநிதி வந்தால்தான் கொடுப்பனவு செய்ய முடியும். டிசம்பர் 31க்குள் போகாத பில், கொடுக்க வேண்டிய பொறுப்பாகப் பட்டியலில் ஏறி, அடுத்த வருட ஒதுக்கீட்டிலிருந்து போக வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் விழுந்ததா என்று அந்த நேரமே கேட்டுக்கொள்ளுங்கள். விழாவிட்டால் புது வருடத்தில் அந்தப் பில்லை யாருக்கும் தெரியாது.

கொழும்புக் கடதாசிக்காரரின் செக் நவம்பர் கடைசியிலேயே வங்கிக்குப் போய்விட்டது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அதற்குக் காசு போட்டேன். அடகுக் கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் வட்டி எழுதினார், அவரிடம் போய் பின்னங்கீகாரம் வரவில்லை என்று சொல்ல முடியுமா?

ஜனவரியில் போவதை நிறுத்திவிட்டு எழுத்தில் இறங்கினேன். அதுவரை பத்து, பன்னிரண்டு தடவை கதிரையில் உட்கார்ந்து "சேர், கொஞ்சம் பாருங்கோ" என்று கெஞ்சியதற்கு ஒரு தடயமும் இல்லை. திணைக்களத் தலைவருக்கு விலாசமிட்டு, கணக்காளருக்குப் பிரதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். மேலே ஓடர் இலக்கம், பில் இலக்கம், திகதி, தொகை. கீழே இவ்வளவுதான்:

"மேற்படி ஓடரின்படி பொருட்கள் வழங்கப்பட்டும் இதுவரை கொடுப்பனவு கிடைக்கவில்லை என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன். வவுச்சர் இலக்கத்தையும், அது தற்போது எந்தக் கிளையில் உள்ளது என்பதையும், மேலும் ஆவணங்கள் தேவைப்படின் அவை அனைத்தையும் ஒரே தடவையிலும் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அதில் கோபமான ஒரு சொல்லும் இல்லை. எழுதும்போது கை நடுங்கியது, ஆனாலும் போடவில்லை. கத்தினால் பில்லைத் தள்ளிவைக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். திகதியோடு கேள்வி கேட்டால் பதில் எழுதியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியைக் கேட்பது என்று விண்ணப்பத்தையும் நிரப்பி மேசையில் வைத்திருந்தேன். அந்தச் சட்டப்படி 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அடுத்த ஓடர் தரமாட்டார்களே என்ற பயத்தில்தான் என்னைப் போன்றவர்கள் அதைத் தொடுவதில்லை.

பன்னிரண்டாம் நாள் வவுச்சர் இலக்கத்தோடு பதில் வந்தது. அந்த இலக்கம் கையில் இருந்ததால் பிறகு போனிலேயே கேட்க முடிந்தது. மார்ச் 24ஆம் திகதி காசு கணக்கில் விழுந்தது. 184,500 ரூபா, ஒரு சதமும் குறையவில்லை. வட்டி என் தலையில்.

ஏப்ரலில் அதே ஆள் போன் எடுத்தார். "தம்பி, அவசரமா 400 பைல் கவர் வேணும், பேப்பர் பிறகு வரும்." ஓடரைக் கையில் தாங்கோ ஐயா, அன்றைக்கே மெஷினை ஓட்டுகிறேன் என்றேன். "இவ்வளவு காலப் பழக்கத்துக்கு இப்படிப் பேசுறீங்களே" என்று வைத்துவிட்டார். ஓடர் வரவில்லை. வேறு யாரோ ஓர் அச்சகக்காரன் இந்நேரம் அந்தக் கவரை அடித்துக் கொடுத்திருப்பான், கையில் ஒரு துண்டுப் பேப்பரும் இல்லாமல்.