சிகரெட் வரி உயரும்போது முதலில் கையை இழுத்துக்கொள்பவர் யார்?

சென்ற வாரம் இரண்டாம் ஆண்டு பொருளியல் வகுப்பில் தேவையின் விலை நெகிழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "சார், சிகரெட்டின் நெகிழ்ச்சி ஒன்றுக்கும் குறைவு என்றால், வரியை ஏற்றினாலும் யாரும் விடப்போவதில்லை என்றுதானே பொருள்?" என்று கேட்டார். பாடநூலை ஒழுங்காகப் படித்தவருக்கு எழக்கூடிய ஐயம்தான் அது. வகுப்பு மணி அடித்துவிட்டதால் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

வளர்ந்த நாடுகளில் சிகரெட்டுக்கான நெகிழ்ச்சி ஏறத்தாழ 0.4 என்பது பல பத்தாண்டு ஆய்வுகளின் முடிவு (எதிர்க்குறியை வசதிக்காக விட்டுவிடுகிறேன்). விலை பத்து விழுக்காடு ஏறினால் நுகர்வு நான்கு விழுக்காடு குறையும் என்பதே அதன் பொருள். கோடிக்கணக்கானோர் புகைக்கும் நாட்டில் நான்கு விழுக்காடு சிறிய அளவன்று. அதைவிட முக்கியமாக, அந்த 0.4 ஒரு சராசரி. முப்பது ஆண்டுகளாகப் புகைக்கும் வசதியானவரும், சென்ற மாதம் முதல் சிகரெட்டைப் பற்றவைத்த பதினாறு வயதுப் பையனும் அதே எண்ணுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துப் பார்த்தால்தான் வரி எங்கே வேலை செய்கிறது என்பது தெரியும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, 2009 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஒரு பாக்கெட் சிகரெட் மீதான வரியை 39 சென்ட்டிலிருந்து ஒரு டாலர் ஒரு சென்ட்டாக உயர்த்தியதாகும். மாநிலங்களுக்கு இடையிலான வரி வேறுபாட்டை வைத்து நெகிழ்ச்சியைக் கணிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. புகைப்பதை மக்களே வெறுக்கும் மாநிலங்கள்தாம் பெரும்பாலும் வரியையும் கூடுதலாக விதிக்கின்றன. அங்கே இளைஞர்கள் குறைவாகப் புகைப்பதற்குக் காரணம் வரியா, ஊரின் மனநிலையா என்று பிரித்தறிவது கடினம். இந்தக் கூட்டாட்சி வரியோ எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நாளில் வந்தது. பள்ளி மாணவர்களிடம் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு தேசியக் கணக்கெடுப்பு அந்த வசந்த காலத்தில் ஏப்ரல் 1-க்கு முன்பும் பின்பும் நீண்டிருந்தது. எனவே வரிக்குச் சற்று முன் விடையளித்தவர்களையும் சற்றுப் பின் விடையளித்தவர்களையும் ஒப்பிட முடிந்தது. கடந்த முப்பது நாட்களில் புகைத்த மாணவர்களின் பங்கு உடனடியாக 9.7 முதல் 13.3 விழுக்காடு வரை சரிந்ததாக ஹுவாங், சலூப்கா ஆகிய இரு ஆய்வாளர்களும் கண்டனர். இது குறுகிய கால விளைவு. அந்த மாணவர்கள் பின்னர் எந்த வயதிலும் புகைக்கவே மாட்டார்கள் என்று இதைக் கொண்டு சொல்ல இயலாது.

இளையவர்கள் ஏன் இவ்வளவு விரைவாகக் கையை இழுத்துக்கொள்கிறார்கள்? கைச்செலவுக்குப் பணம் குறைவு என்பது ஒரு காரணம்தான். அடிமைப் பழக்கத்தில் இன்றைய தேவையை நிர்ணயிப்பது நேற்று வரை புகைத்ததன் மொத்தச் சேர்மானம். இளையவரிடம் அந்தச் சேர்மானம் இன்னும் சிறியது. இதனுடன் வேறொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். புகைப்பவர் தரும் முழு விலை என்பது கடையில் தரும் பணமும், பின்னாளில் வரப்போகும் உடல்நலக் கேட்டுக்கு அவர் மனத்தில் வைக்கும் விலையும் சேர்ந்தது. பாக்கெட் 5 டாலர் என்றும், ஐம்பது வயதுக்காரர் வருங்காலக் கேட்டை இன்னொரு 5 டாலராக மதிக்கிறார் என்றும் கொள்வோம். வரியால் 60 சென்ட் ஏறும்போது அவருடைய முழு விலை 6 விழுக்காடு உயர்கிறது. வருங்காலத்தை வெறும் ஒரு டாலராக மதிக்கும் இளைஞருக்கோ அதே 60 சென்ட் 10 விழுக்காட்டு உயர்வாகிவிடுகிறது. புற்றுநோய் எச்சரிக்கைக்கு அசையாத பையன் விலைச்சீட்டைப் பார்த்து அசைவதன் காரணம் இதுவே.

ஏழைகளிடம் முதன்மையாகச் செயல்படுவது வருமான விளைவு. ஆண்டுக்கு 18,000 டாலர் ஈட்டுபவர் நாளுக்கு ஒரு பாக்கெட் வாங்கினால் 1,825 டாலர், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, புகையாகப் போகிறது. ஒரு லட்சம் டாலர் ஈட்டுபவருக்கு அது இரண்டு விழுக்காடுகூட இல்லை. விலை 12 விழுக்காடு ஏறினால் முன்னவர் வேறு எதையாவது குறைத்தே தீர வேண்டும். பின்னவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

இங்கிருந்துதான் பலர் ஒரு தவறான முடிவுக்குப் போகிறார்கள், இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஏழைகள் புகைப்பதை விட்டுவிடுவார்கள், ஆகவே வரிச்சுமை பணக்காரர்கள் மீது நகர்ந்துவிடும் என்பது அவர்களின் வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2008-இல் கோல்மன், ரெம்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் குறைந்த வருமானத்தாரின் நெகிழ்ச்சியை 0.37 என்றும் உயர்ந்த வருமானத்தாருடையதை 0.20 என்றும் கணித்தார்கள். இரு பிரிவினரும் வாரத்துக்கு நூறு பாக்கெட் வாங்குவதாகவும், விலை 5 டாலரிலிருந்து 5.60 ஆகவும், அதற்குள் இருக்கும் வரி 1.40-இலிருந்து 2 டாலராகவும் உயர்வதாகவும் கொள்வோம். ஏழைகளின் நுகர்வு 95.6 பாக்கெட்டாகக் குறையும். அவர்கள் தரும் வரி 140 டாலரிலிருந்து 191 ஆகும். பணக்காரர்களின் நுகர்வு 97.6 ஆகும், வரி 195 ஆகும். கூடுதல் வரியில் ஏழைகளின் பங்கு 48 விழுக்காடு. முன்பிருந்த வரியில் அது 50. நெகிழ்ச்சி ஏறக்குறைய இரு மடங்காக இருந்தும் சுமை நகர்ந்தது இவ்வளவுதான். வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழைகள் மீதே அது இன்னும் பல மடங்கு பாரம்.

விட்டவர்களுக்குக் கிடைக்கும் நன்மையை நான் குறைத்து மதிக்கவில்லை. அது பணத்தால் அளக்க முடியாத நன்மை. ஆனால் அந்த நன்மையைக் காட்டி, விட முடியாதவரின் இழப்பை மறைக்கக் கூடாது. வரி மிக உயர்ந்த நியூயார்க் மாநிலத்தில், 2010-11 கணக்கெடுப்பின்படி, மிகக் குறைந்த வருமானப் பிரிவிலிருந்த புகைப்பவர்கள் வருமானத்தில் 23.6 விழுக்காட்டைச் சிகரெட்டுக்கே செலவிட்டார்கள். மிக உயர்ந்த பிரிவினருக்கு அது 2.2 விழுக்காடு. வரி உயர்வை நான் ஆதரிக்கிறேன்; ஆனால் அதில் கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதி, விட முயல்பவர்களுக்கான இலவச மருந்துக்கும் ஆலோசனைக்கும் போக வேண்டும் என்பதை அதன் நிபந்தனையாகவே கருதுகிறேன்.

இதே 2009 வரியில் ஓர் ஓட்டையும் இருந்தது. கையால் சுருட்டிப் புகைக்கும் தூள் புகையிலைக்கு வரி ஒரு பவுண்டுக்கு 1.10 டாலரிலிருந்து 24.78 டாலராக உயர்ந்தது. பைப் புகையிலைக்கோ 2.83 டாலராக மட்டுமே உயர்ந்தது. உற்பத்தியாளர்கள் சுருட்டும் புகையிலையைப் பைப் புகையிலை என்று பெயர் மாற்றி உறையில் அச்சிட்டார்கள். சில கடைகளில் ஆள் உயர இயந்திரங்கள் வந்தன. வாடிக்கையாளர் தூளை மேலே கொட்டி, வெறும் காகிதக் குழல்களைச் செருகினால், பத்து நிமிடத்துக்குள் இருநூறு சிகரெட்டுகள் தயாராகும். பைப் புகையிலை விற்பனை 2009 ஜனவரியில் 2,40,000 பவுண்டு. 2011 செப்டம்பரில் அது 30 லட்சம் பவுண்டுக்கும் மேல். நாடு திடீரென்று பைப் புகைக்கத் தொடங்கிவிடவில்லை. விலைக்கு மிகவும் அசைபவர்கள்தாம் மலிவான மாற்றையும் முதலில் தேடுவார்கள். ஆகவே அந்த ஓட்டை வழியாக வரியின் பயன் வடிந்தது அவர்களிடத்திலேயே. அந்த இயந்திரம் வைத்திருப்பவரும் சிகரெட் உற்பத்தியாளரே என்று சட்டம் சொல்ல 2012 ஜூலை வரை ஆயிற்று. இரு புகையிலைகளுக்கும் இடையிலான வரி வேறுபாட்டை அந்தச் சட்டம் தொடவில்லை.