பூமிக் கயிறும் கால்பந்துக் கயிறும்: பரவும் தகவல் தவறு

"பூமியைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் 1 மீட்டர் கூட்டினால் தாள்கூட நுழையாது. பந்தில் கூட்டினால்தான் கயிறு நன்றாக விலகும்."

இது தவறு. இரண்டிலும் கயிறு சுற்றிலும் சமமாக 16 செ.மீ. எழும்பும், பூமியிலும் பூனை நுழைந்துவிடும். சுற்றளவு 2πr என்பதால், கூட்டிய 100 செ.மீ.யை 6.28ஆல் வகுத்தால் இடைவெளி வந்துவிடும். பந்தின் அளவு அதில் வருவதே இல்லை.

கால்பந்தின் சுற்றளவு 70 செ.மீ., ஆரம் 11. கயிறு 170 ஆனால் ஆரம் 27.

பிறகு ஏன் நம்ப முடியவில்லை? 4 கோடி மீட்டரில் 1 மீட்டர் தூசு என்று மனசு விகிதம் பார்க்கிறது. விகிதம் சரிதான், 6,371 கி.மீ. ஆரத்தில் 16 செ.மீ.யும் தூசுதான்.

சந்தேகமா? தட்டைச் சுற்றியும் அண்டாவைச் சுற்றியும் நூல் அளந்து, 1 மீட்டர் கூட்டி, தரையில் வட்டமாக வைத்து ஸ்கேலால் பாருங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.